ஒரே காட்சியை நாலு ஸ்லைடா வெட்டுறது: தொக்கு பாட்டில் கேரசல்

காவேரிப்பட்டணம்_தொக்கு — 3 ஜூன் 2025, இரவு 9.40

எங்க மாங்காய் தொக்கு பாட்டிலுக்கு இன்ஸ்டாவுல கையால தள்ளித் தள்ளிப் பாக்குற மாதிரி அஞ்சு படம் போடணும். தள்ளும்போது மேசையும் பின்னாடி இருக்கிற மலையும் விட்டுப்போகாம ஒரே நீளமாப் போகணும். ஏஐ-ல படம் செய்யற ஆப்புல ஒரே வரியை அஞ்சு தடவை கொடுத்தேன். தனித்தனியா பாத்தா எல்லாமே அழகு. பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணுல மேசை உயரம், ஒண்ணுல தாழ்வு. வெயில் ஒண்ணுல இடப்பக்கம், ஒண்ணுல உச்சி மேல. "அதே மேசை, அதே மலை"ன்னு சேர்த்து எழுதியும் பாத்தாச்சு. எப்படி எழுதினா ஒட்டும்? மாங்கனிக் கண்காட்சிக்கு முன்னாடி போட்டுடணும்.

பழையபேட்டை_டிசைன் — 3 ஜூன், இரவு 10.15

எப்படி எழுதினாலும் ஒட்டாதுக்கா. ஒவ்வொரு தடவையும் அது புதுசா ஒரு மேசையைக் கற்பனை பண்ணும். முந்தின படம் அதுக்கு ஞாபகத்துல இருக்காது. முந்தின படத்தையே மாதிரியாக் கொடுத்தாலும் சாயல்தான் வரும், விளிம்பு விளிம்போட சேராது.

செய்யவேண்டியது தலைகீழ். ஒரே ஒரு அகலமான படம். அதை வெட்டினா ஸ்லைடு. வெட்டின இடத்துல எந்தப் பிக்சலும் காணாமப் போகாது, அதனால ஒட்டுதாங்கற கேள்வியே வராது. நாளைக்கு விவரமா எழுதறேன், இப்ப கடையில கல்யாண ஃபிளெக்ஸ் ஓடிட்டிருக்கு.

ஓசூர்_கேமரா — 4 ஜூன், காலை 7.05

ஒரு சின்ன விஷயம். இன்ஸ்டா சதுரம்தான், 1080க்கு 1080. அதிகபட்சம் பத்து படம். அதனால 5400க்கு 1080ல ஒரு படம் செஞ்சு அஞ்சா வெட்டுங்க, முடிஞ்சது.

பழையபேட்டை_டிசைன் — 4 ஜூன், காலை 11.30

தம்பி சொன்னது முன்னாடி சரி. பத்துங்கறது 2024லயே இருபது ஆயிடுச்சு. சதுரம் இன்னும் போடலாம், ஆனா போன் திரையில உயரமா இருக்கிற படம்தான் அதிக இடம் பிடிக்கும். நான் 1080க்கு 1350 வெச்சுதான் செய்யறேன். முதல் ஸ்லைடு என்ன வடிவமோ அதுதான் மீதி எல்லாத்துக்கும், அதை மட்டும் மறக்காதீங்க.

இப்ப அக்கா கேள்விக்கு. அஞ்சு ஸ்லைடுன்னா 5400க்கு 1350, அதாவது அகலம் உயரத்தைப்போல நாலு மடங்கு. நாம பயன்படுத்துற ஆப்புல பெரும்பாலும் அகலவாக்குல கிடைக்கிறது 1536க்கு 1024தான். உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. மீதி அகலத்தை நாமதான் இடமும் வலமும் நீட்டணும். அஞ்சு ஸ்லைடுக்கு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு தடவை நீட்டவேண்டிவரும். நீட்டினதை மறுபடி நீட்டும்போதுதான் நிறம் மாறும், மேசை சாயும், தெரியாத ஊருக்குப் போயிடும்.

அதனால நாலு ஸ்லைடா வெச்சுக்கோங்க. கணக்கு பாருங்க: 4320க்கு 1350. அதையே 1024 உயரத்துக்குச் சுருக்கினா அகலம் 3277. நடுப்படம் 1536 போக மீதி 1741. பக்கத்துக்கு 870. ஒவ்வொரு பக்கமும் ஒரே தடவை நீட்டினாப் போதும். நீட்டும்போது 1536 அகலத் தாள்ல பழைய படத்தோட ஓரம் 666 பிக்சல் உள்ளே இருக்கும், மீதி 870 காலியா இருக்கும், அதை நிரப்பச் சொல்லணும். பழைய படம் அவ்வளவு உள்ளே தெரிஞ்சாத்தான் அதுக்கு வெயில் எங்க இருந்து வருது, மேசை எவ்வளவு உயரம்னு புரியும். 100 பிக்சல் மட்டும் காட்டினா அது இஷ்டத்துக்கு வரையும்.

பாலக்கோடு_புளி — 4 ஜூன், மதியம் 1.20

எனக்கு அனுபவம் இருக்கு. போன வருஷம் தர்மபுரியில எங்க புளி மண்டிக்குப் பெரிய போர்டு வெச்சோம். ரெண்டு துண்டா அடிச்சு ஒட்டினாங்க. ஒட்டுற இடத்துல ஒரு இன்ச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி விட்டாத்தான் கோடு தெரியாது. நீங்களும் ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒரு இன்ச்சு சேர்த்து வெட்டுங்க.

பழையபேட்டை_டிசைன் — 4 ஜூன், மதியம் 1.50

ஐயா, போர்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மறையும். போன்ல மறையாது. முதல் ஸ்லைடோட வலது ஓரத்துல இருக்கிற அரை மாங்காய் ரெண்டாவது ஸ்லைடோட இடது ஓரத்துல மறுபடி வந்து நிக்கும், தள்ளும்போது திக்குவாய் பேசுற மாதிரி இருக்கும். படம் நீட்டும்போதுதான் ஏறணும். வெட்டும்போது ஒரு பிக்சல்கூட ஏறக்கூடாது, விடவும் கூடாது.

பாலக்கோடு_புளி — 4 ஜூன், மதியம் 2.05

சரி சரி. புளிக்கு இதுமாதிரி செய்ய எவ்வளவு ஆகும்?

காவேரிப்பட்டணம்_தொக்கு — 4 ஜூன், இரவு 8.30

நாலுன்னா எனக்கு சம்மதம். முதல்ல பாட்டில், ரெண்டாவதுல வெட்டின மாங்காய், மூணாவதுல திறந்த பாட்டிலும் கரண்டியும், நாலாவதுல விலையும் போன் நம்பரும். பாட்டிலையும் சேர்த்தே வரையச் சொல்லட்டுமா? லேபிள்ல தமிழ் எழுத்தை எல்லாம் கோலம் மாதிரி போட்டுத் தள்ளுது.

பழையபேட்டை_டிசைன் — 4 ஜூன், இரவு 9.10

பாட்டிலை வரையவிடவே விடாதீங்க. எழுத்து மட்டும் பிரச்சினை இல்லை. உங்க லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கு, எடை இருக்கு, விலை இருக்கு. அது ஒரு எண்ணை மாத்திப் போட்டா போன்ல பெருசாக்கிப் பாக்குறவங்க கண்ணுக்குப் படும். அதுவுமில்லாம ஒண்ணாவது ஸ்லைடுல ஒரு மூடி, மூணாவதுல வேற மூடின்னு வரும். காலி மேசையும் மலையும் மட்டும் வரையச் சொல்லுங்க. பாட்டிலை நீங்க போட்டோ எடுத்து, வெட்டி, மேல வைங்க.

காட்சி கேட்கும்போது மூணு விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்க. கேமரா மேசைக்கு நேர் எதிரே, மேசையோட பின்விளிம்பு படத்துல படுக்கை நேர்கோடு. வெயில் இடப்பக்கம் இருந்து, காலை நேரம். மேசை மேல எதுவும் இல்லை. கேமராவைச் சாய்வா வெச்சா மேசை ஓரம் ஒரு புள்ளியை நோக்கி ஓடும், நாலு ஸ்லைடு தூரத்துக்கு அது எங்கயோ போய் இடிக்கும்.

மரப்பலகை வேண்டாம். பலகைக் கோடு நீட்டின இடத்துல ஒண்ணுக்கொண்ணு சேராது, உடனே காட்டிக்கொடுக்கும். நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பலகை கேளுங்க. புள்ளி புள்ளியா இருக்கிறதுல ஒட்டின இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

ஓசூர்_கேமரா — 4 ஜூன், இரவு 10.40

இதுல எனக்கு உடன்பாடு இல்லைண்ணா. காலி மேசையில பாட்டிலை ஒட்டினா ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். பாட்டிலோட சேர்த்து வரைஞ்சா நிழல், கல்லு மேல விழுற மஞ்சள் சாயல் எல்லாம் இயற்கையா வரும். நீங்க ஒட்டுறதுல அது எங்க வரும்?

பழையபேட்டை_டிசைன் — 5 ஜூன், காலை 6.45

ராத்திரி யோசிச்சேன். தம்பி கேள்வி நியாயமானது. இப்படிச் செய்யலாம்: எழுத்து இல்லாத, லேபிளே இல்லாத, அதே வடிவ பாட்டிலை அந்த இடத்துல வரையச் சொல்றது. அதோட நிழலும் கல்லு மேல சாயலும் வந்துடும். அப்புறம் அந்த டம்மி பாட்டில் மேல நிஜ பாட்டிலை அளவு பாத்து வெச்சு மூடுறது. நிழல் இலவசம்.

ஆனா டம்மி குண்டா இருந்து நம்மது ஒல்லியா இருந்தா ஓரத்துல அது எட்டிப்பாக்கும், நிழலோட அகலமும் பொருந்தாது. அப்போ கையால போடுறதே மேல். நிழல் ரெண்டு இருக்கணும். பாட்டில் அடி கல்லைத் தொடுற இடத்துல ஒரு மெல்லிய, கிட்டத்தட்ட கறுப்பான கோடு. அது இல்லாட்டி பாட்டில் மிதக்கும், வேற என்ன செஞ்சாலும் மிதக்கும். அப்புறம் வலது பக்கம் நீண்டு மங்கிப்போற பெரிய நிழல். மூணாவது ஸ்லைடு பாட்டிலுக்கும் அதே பக்கம், அதே நீளம்.

அக்கா, போட்டோ எடுக்கும்போது ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். லைட் போடாதீங்க. போனைப் பாட்டில் நடு உயரத்துக்கு இறக்கி, தள்ளி நின்னு கொஞ்சம் ஜூம் பண்ணி எடுங்க. மேல இருந்து எடுத்தா மூடியோட மேல்வட்டம் தெரியும், நேரா பாக்குற மேசையில அது பொருந்தவே பொருந்தாது.

காவேரிப்பட்டணம்_தொக்கு — 6 ஜூன், மாலை 5.20

எடுத்தேன். வெள்ளைத் துணி பின்னாடி. வெட்டி மலைக்கு முன்னாடி வெச்சா தொக்கு இருக்கிற இடம் எல்லாம் சரியா இருக்கு, மூடிக்குக் கீழே கழுத்துல ஒரு விரல் அகலம் மட்டும் வெள்ளையா நிக்குது. அழிச்சா கண்ணாடியே காணாமப் போகுது.

பழையபேட்டை_டிசைன் — 6 ஜூன், மாலை 6.00

அது காலிக் கண்ணாடி. பின்னாடி இருந்த துணி அதுக்குள்ள தெரியுது. அந்தக் கழுத்துப் பகுதியை மட்டும் தனி லேயரா எடுத்து 'மல்டிப்ளை'ல வைங்க. வெள்ளை மறைஞ்சு பின்னாடி மலைப் பச்சை வரும், கண்ணாடியோட கறுப்பு ஓரங்கள் தங்கும். கண்ணாடி மேல இருந்த வெள்ளை மினுக்கும் சேர்ந்து போயிடும், அதை மட்டும் மேல ஒரு லேயர்ல திருப்பி வைங்க. இதுக்கெல்லாம் பொறுமை இல்லைன்னா கழுத்து வரைக்கும் தொக்கை நிரப்பி மறுபடி ஒரு போட்டோ.

காவேரிப்பட்டணம்_தொக்கு — 6 ஜூன், மாலை 6.10

நிரப்பிட்டேன். இதுவரைக்கும் வந்த படத்தை இங்க போட்டிருக்கேன், "இங்க விளைஞ்ச காய்"னு தலைப்பு வெச்சு.

பென்னாகரம்_வாசகி — 7 ஜூன், காலை 9.30

வெளியில இருந்து ஒரு கேள்வி. அந்த மலை எந்த ஊரு? காவேரிப்பட்டணம் தொக்குன்னு போட்டுட்டு பின்னாடி ஊட்டி மாதிரி பனிமூட்டமும் பைன் மரமும் வெச்சிருக்கீங்க. நம்ம பக்கம் மலைன்னா பாறை. உருண்டை உருண்டையா மொட்டைப் பாறை, இடுக்குல முள்ளுச்செடி. வாங்குறவங்களை ஏமாத்துற மாதிரி இல்லையா?

பழையபேட்டை_டிசைன் — 7 ஜூன், காலை 10.10

மலையைப் பத்தி சொன்னது சரி. வெறும் "மலை"ன்னு கேட்டா அதுக்குத் தெரிஞ்ச மலையைத்தான் போடும். மொட்டைப் பாறை, பழுப்பு நிறம், அடிவாரத்துல வரிசையா மாமரம், தென்னை வேண்டாம்னு சொல்லணும். அப்பக்கூட மாமரத்தை ஆப்பிள் தோட்டம் மாதிரி கத்தரிச்சு வைக்கும்.

ஏமாத்துறதான்னு கேட்டா... பாட்டிலும் லேபிளும் தொக்கோட நிறமும் நிஜம். பின்னணி சினிமா செட் மாதிரிதான்னு நான் நினைக்கிறேன். "ஏஐ மூலம் செய்த பின்னணி"ன்னு கீழே எழுதிடலாம். இன்ஸ்டாவே சில படங்களுக்குத் தானா ஏஐ குறிப்பு ஒட்டுது, அதுக்கு முன்னாடி நாமளே சொல்றது நல்லது.

பென்னாகரம்_வாசகி — 7 ஜூன், காலை 10.25

தோட்டத்தைக் காட்டி "இங்க விளைஞ்ச காய்"னு தலைப்பு வெச்சா அது செட் இல்லை, பொய். நிஜ மலையை போன்ல ஒரு பனோரமா எடுத்து வெச்சா என்ன கெட்டுப்போச்சு?

பழையபேட்டை_டிசைன் — 7 ஜூன், காலை 11.00

தலைப்பு விஷயத்துல நீங்க சொல்றதுதான். அந்த வரி வேண்டாம்க்கா, எடுத்துடுங்க.

பனோரமா எடுக்கலாம். தூரத்து மலைக்கு அது நல்லாவே வரும். மேசையை மட்டும் போன் பனோரமாவுல எடுக்கமுடியாது, பக்கத்துல இருக்கிற நேர்கோடு வில்லா வளையும். மலை நிஜம், கல்லுப் பலகை வரைஞ்சதுன்னு ரெண்டையும் சேர்க்கிறதுல சிக்கல் வெயில். மலையை எடுத்த நேரத்துல வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பலகைக்கும் பாட்டிலுக்கும் வரணும்.

காவேரிப்பட்டணம்_தொக்கு — 8 ஜூன், இரவு 9.00

மலையைப் பாறையாக்கி, ரெண்டு பக்கமும் நீட்டிட்டேன். இடப்பக்கம் அருமை. வலப்பக்கம் நீட்டினதுல கல்லு விளிம்பு கொஞ்சம் இறங்கியிருக்கு, வெளிச்சமும் மஞ்சளா இருக்கு. மறுபடி மறுபடி நீட்டச் சொல்லணுமா?

பழையபேட்டை_டிசைன் — 8 ஜூன், இரவு 9.45

வேண்டாம். கையால சரியாகும். இதுதான் இந்த வேலையில முக்கியமான இடம், நிதானமா படிங்க.

நீட்டின படத்தைத் தனி லேயரா பழைய படம் மேல வைங்க. ரெண்டுலயும் அந்த 666 பிக்சல் பொதுவா இருக்கு இல்லையா, அங்க நீட்டினதைப் பாதி தெரியிற மாதிரி மங்கலாக்குங்க. கல்லு விளிம்பு ரெட்டைக் கோடா தெரியும். ஒரே கோடா ஆகுற வரைக்கும் மேல் லேயரைத் தூக்குங்க, தேவைப்பட்டா ஒரு துளி திருப்புங்க. பத்து பிக்சல் இறங்கினாலே தள்ளும்போது படி இறங்குற மாதிரி தெரியும்.

அடுத்து நிறம். அந்தப் பொது இடத்துல ஒரே பாறையை ரெண்டு லேயர்லயும் பாருங்க. மஞ்சளா இருக்கிறதை 'கர்வ்ஸ்'ல பழையதுக்குச் சமமாக் கொண்டுவாங்க. சமமான பிறகுதான் மாஸ்க் போட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கரைக்கணும். நிறம் சேராம கரைச்சா கோடு போய் ஒரு மேகம் மாதிரி பட்டை வரும், அது இன்னும் மோசம்.

கரைக்கிற இடம் எதுங்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நாலு ஸ்லைடு கணக்குல நடுப்படத்தோட ஓரமும் ஸ்லைடு வெட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும், 50 பிக்சல்தான் வித்தியாசம். அங்கயே கரைச்சா, தள்ளும்போது கண்ணு போற இடத்துலயே நம்ம ஒட்டுவேலை இருக்கும். 666 இருக்கே, நல்லா உள்ளே தள்ளிப் போய், பாறை விளிம்பு இல்லாட்டி மரத்து ஓரமாப் பாத்துக் கரைங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு முழுசையும் 4320க்கு 1350ஆ பெருசாக்குங்க. பாட்டிலை அதுக்கு அப்புறம்தான் வைக்கணும், முன்னாடி வெச்சா லேபிள் எழுத்தும் சேர்ந்து மழுங்கும்.

ஓசூர்_கேமரா — 9 ஜூன், காலை 8.00

வெட்டு 1080, 2160, 3240ல விழுது. பாட்டில் வெட்டுல மாட்டாம பாத்துக்கோங்க. ஆனா எதுவுமே வெட்டைத் தாண்டலைன்னா யாரும் தள்ளமாட்டாங்க.

பழையபேட்டை_டிசைன் — 9 ஜூன், காலை 9.15

இது முழுக்கச் சரி. முதல் வெட்டுல ஒரு பெங்களூரா மாங்காய் பாதி இங்க பாதி அங்க இருக்கட்டும், அதோட மூக்கு அடுத்த ஸ்லைடுல. ரெண்டாவது வெட்டுல கரண்டிக் காம்பு. எழுத்தும் லேபிளும் எந்த வெட்டையும் தாண்டக்கூடாது, ஓரத்துல இருந்து ஒரு 80 பிக்சலாவது உள்ளே.

முதல் ஸ்லைடுக்கு மட்டும் இன்னொண்ணு. இப்ப புரொஃபைல் பக்கத்துல கட்டம் மூணுக்கு நாலா காட்டுது. நம்ம நாலுக்கு அஞ்சு படத்துல இடமும் வலமும் 34 பிக்சல் அங்க தெரியாது. அரை மாங்காய் அங்க இன்னும் கொஞ்சம் மெலியும், பரவாயில்லை.

வெட்டுல வெறும் வானம் மட்டும் வராம பாருங்க. ஒவ்வொரு ஸ்லைடையும் இன்ஸ்டா தனித்தனியா அமுக்கும். வழவழன்னு இருக்கிற நீலம் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி பட்டை பட்டையா உடையும். முழுப்படத்துக்கும் மேல மெல்லிசா கிரெயின், அதாவது பொடிப் புள்ளி தூவினா அது குறையும். வரைஞ்ச பின்னணியும் எடுத்த பாட்டிலும் ஒரே கேமராவுல எடுத்த மாதிரியும் ஆகும்.

வெட்டுறதுக்கு கம்ப்யூட்டர்ல இமேஜ்மேஜிக் இருந்தா, முழுப்படத்தை master.pngனு சேமிச்சுட்டு இவ்வளவுதான்:

```
magick master.png -crop 1080x1350 +repage -quality 95 slide_%d.jpg
```

slide_0ல இருந்து slide_3 வரைக்கும் வரும். அஞ்சாவதா ஒல்லியா ஒண்ணு வந்தா முழுப்படம் 4320ஐ விட அகலம்னு அர்த்தம்.

காவேரிப்பட்டணம்_தொக்கு — 10 ஜூன், இரவு 7.50

தம்பி கம்ப்யூட்டர்ல வெட்டி வாட்ஸ்அப்ல அனுப்பினான். எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு. அதுவுமில்லாம போட்டுப் பாத்தா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கோடு தெரியுது. மூணாவது மட்டும் வெளுப்பா இருக்கு.

பழையபேட்டை_டிசைன் — 10 ஜூன், இரவு 8.05

போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அமுக்கிடும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

மூணாவதை இன்ஸ்டாவுக்குள்ள போய் பிரைட் பண்ணீங்களா?

காவேரிப்பட்டணம்_தொக்கு — 10 ஜூன், இரவு 8.12

தொக்கு கறுப்பாத் தெரிஞ்சுதுன்னு கொஞ்சம் ஏத்தினேன்.

பழையபேட்டை_டிசைன் — 10 ஜூன், இரவு 8.20

அதான் கோடு. வெட்டின பிறகு தனி ஸ்லைடுல கை வெச்சா அந்த ரெண்டு ஓரமும் சேராது. ஓரங்களைக் கறுப்பாக்குற ஃபில்டரும் அப்படித்தான், நாலு ஸ்லைடுக்கும் ஒண்ணாப் போட்டாக்கூட ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு சட்டம் விழும். முழுப்படத்துல தொக்கு லேயரை மட்டும் ஏத்தி மறுபடி நாலையும் வெட்டுங்க.

ஓசூர்_கேமரா — 11 ஜூன், காலை 7.30

அண்ணா, இதையே ஸ்டோரிக்கும் வெட்டலாமா? அது ஒன்பதுக்குப் பதினாறு ஆச்சே.

பழையபேட்டை_டிசைன் — 11 ஜூன், காலை 8.10

1350 உயரத்துல ஒன்பதுக்குப் பதினாறுன்னா அகலம் 759தான் கிடைக்கும். அதை 1080க்கு இழுத்தா லேபிள் மழுங்கும். முதல் ஸ்லைடை மட்டும் எடுத்து, மேல வானத்தையும் கீழே கல்லையும் நீட்டி 1920 உயரம் ஆக்குங்க. வானமும் கல்லும்தானே, ஒரே தடவையில வந்துடும். கேரசலுக்கு நாம பட்ட பாடு அதுல இல்லை.

பாலக்கோடு_புளி — 11 ஜூன், காலை 8.40

எவ்வளவு ஆகும்னு கேட்டிருந்தேன்.

பழையபேட்டை_டிசைன் — 11 ஜூன், காலை 8.55

ஐயா, புளிக்குக் கண்ணாடி பாட்டில் இல்லை, பிளாஸ்டிக் கவர். அதுல மினுக்கு எல்லாப் பக்கமும் அடிக்கும், வெட்டி எடுக்கிறது இதைவிடக் கஷ்டம். ஒரு பாக்கெட்டை எடுத்துட்டு கடைக்கு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்.